பார்சல் போனது உண்மை. அதற்குச் சாட்சி எங்கே?

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் தொழிற்பேட்டை வரும். ரசாயனம், மருந்து மூலப்பொருள், சாயம் என்று பெரிய ஆலைகள் வரிசையாக இருக்கும் இடம். அப்படிப்பட்ட ஆலையிலிருந்து ஒரு லாரி சரக்கு வெளியே போகிறது என்றால், அதோடு மூன்று காகிதங்கள் பிறக்கும். உள்ளே என்ன சரக்கு என்று சொல்லும் கேட் பாஸ் ஒன்று. எடை மேடையில் லாரியை ஏற்றி எடுத்த எடைச் சீட்டு ஒன்று. சரக்கை ஏற்றுக்கொண்டேன் என்று லாரி ஆபீஸ் கொடுக்கும் எல்.ஆர். என்ற ரசீது ஒன்று. பின்னால் 'சரக்கு வரவில்லை' என்று யாராவது சொன்னால், இந்த மூன்றையும் எடுத்து மேசையில் வைப்பார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஆலைகளை நம்பி நடக்கும் சின்னப் பட்டறைகளின் கதை வேறு. பம்புக்கு சீல், வால்வுக்கு கேஸ்கெட், ஒரு பிரஷர் கேஜ் என்று இரண்டு கிலோ, மூன்று கிலோ பெட்டியாக அவர்கள் சரக்கு போகும். அனுப்புவது கூரியரில். கையில் மிஞ்சுவது விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு. வீட்டிலிருந்து புடவையும் ஊறுகாயும் விற்பவர்களுக்கும் இதே நிலைதான். பார்சல் காணாமல் போகும் நாளில் வாங்கியவர் 'வரவில்லை' என்பார்; கூரியர் கிளையில் 'எங்கள் கைக்கே வரவில்லையே' என்பார்கள். நடுவில் நிற்பவர் விற்றவர்.

பெரிய ஆலையின் அந்த மூன்று காகிதங்களையும் ஒரு சின்னப் பார்சலுக்கும் உண்டாக்க முடியும். அதற்கு ஒரு செல்போனும், ஒரு மின்னணுத் தராசும், ஐந்து நிமிடமும் போதும்.

கூரியரிடம் கொடுத்தாலே கொடுத்த கணக்கா?

சரக்கு விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 39ஆம் பிரிவு விற்பவருக்குச் சாதகமான ஒரு விஷயத்தைச் சொல்கிறது. ஒப்பந்தப்படி சரக்கை வாங்குபவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்றால், அதை எடுத்துச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் பார்வையில் கொள்ளப்படும். 'முதல் பார்வையில்' என்றால், வேறு விதமாக யாராவது நிரூபிக்கும் வரை என்று பொருள்.

அதே பிரிவு விற்பவருக்கு ஒரு கடமையையும் வைத்திருக்கிறது. சரக்கின் தன்மைக்கு ஏற்ற, நியாயமான ஏற்பாட்டை எடுத்துச் செல்பவரோடு அவர் செய்திருக்க வேண்டும். விலை உயர்ந்த பொருளை ஏனோதானோ என்று அனுப்பி அது தொலைந்தால், 'இதை நான் வாங்கிக்கொண்டதாக ஏற்க மாட்டேன்' என்று வாங்குபவர் மறுக்கலாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. 'உங்கள் இடத்தில் கொண்டுவந்து தருகிறேன்' என்று ஒப்புக்கொண்டு விற்றிருந்தால் இந்த வாதம் நிற்காது. ஆன்லைனில் வீட்டுக்கே டெலிவரி என்று சொல்லி விற்பவர்கள், 'கூரியரில் போட்டுவிட்டேன், இனி உங்கள் பாடு' என்று வாடிக்கையாளரிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர்களுக்கு ஒப்படைத்த ரசீது பயன்படுவது கூரியர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கத்தான்.

எப்படி இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: பார்சல் கைமாறியதா? அதை விற்றவர்தான் காட்ட வேண்டும்.

ரசீது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் வந்து, 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. லாரி ஆபீஸ்களுக்கான சட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், வீடு தேடி வந்து பொருளை எடுத்து, இன்னொரு வாசலில் கொண்டு சேர்க்கும் கூரியர் நிறுவனங்களும் இந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகின்றன. சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு ரசீது தர வேண்டும் என்றும், அதில் எழுதியிருக்கும் எடை முதலிய விவரங்களுக்கு அந்த ரசீதே முதல் சான்று என்றும் சட்டம் சொல்கிறது.

ஆகவே, ரசீதில் எழுதியிருப்பதுதான் சான்று. எழுதாதது சான்று இல்லை. 'சாம்பிள்', 'ஸ்பேர்ஸ்', 'டாக்குமென்ட்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்த ரசீது, ஏதோ ஒரு பெட்டி கைமாறியது என்று மட்டும்தான் சொல்லும். பெட்டிக்குள் பதினெட்டாயிரம் ரூபாய்ப் பொருள் இருந்தது என்று அது சொல்லாது. பொருளின் பெயர், எண்ணிக்கை, பில் நம்பர், பில் மதிப்பு ஆகிய நான்கும் ரசீதில் ஏற வேண்டும். இடம் இல்லை என்றால் பில் நம்பரும் மதிப்புமாவது ஏற வேண்டும்.

ரசாயனத் தொழிற்பேட்டைக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. கூரியர் எடுக்காத திரவத்தையோ தீப்பிடிக்கும் பொருளையோ 'பவுடர் சாம்பிள்', 'மெஷின் பார்ட்' என்று எழுதி அனுப்பினால், பிறகு அந்தத் தாளே அனுப்பியவருக்கு எதிராகத் திரும்பும்.

எடையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரசீதில் இருப்பது பெரும்பாலும் கட்டணத்துக்கான எடை. பல கூரியர்களில் அதை அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றிவிடுவார்கள். 2.340 கிலோ பெட்டிக்கு 2.5 கிலோ என்று எழுதுவார்கள். பெட்டி பெரிதாக இருந்தால் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. 40க்கு 30க்கு 20 பெட்டி என்றால் கணக்கு 4.8 கிலோ. உள்ளே இரண்டு கிலோதான் இருந்தாலும் ரசீதில் 5 என்று விழும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, 'நான் கொடுத்த எடையும் போய்ச் சேர்ந்த எடையும் வேறு' என்று வாதாட முடியாது. அதனால் உண்மை எடையையும் ரசீதில் ஒரு ஓரமாகப் பேனாவால் எழுதச் சொல்லி, கவுன்ட்டர் முத்திரையை அதன் மேல் விழும்படி வாங்கிக்கொள்வது நல்லது.

நான்கு படம், ஒரே நம்பர்

ரசீது சொல்லாமல் விட்டதைப் படங்கள் சொல்ல வேண்டும். எத்தனை படம் எடுத்தோம் என்பதைவிட, ஒரு படம் அடுத்த படத்தோடு எப்படிக் கோக்கிறது என்பதுதான் முக்கியம். மேசை மேல் பொருள் ஒரு படம், டேப் ஒட்டிய பெட்டி ஒரு படம் என்று தனித்தனியாக இருந்தால், 'அந்தப் பொருள் இந்தப் பெட்டியில்தான் போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்ற ஒரு கேள்வியில் இரண்டும் விழுந்துவிடும்.

முதல் படத்தில் பொருளும் பில்லும் இருக்க வேண்டும். பொருளில் வரிசை எண் பொறித்திருந்தால் அது படிக்கிற மாதிரி விழ வேண்டும். இதுதான் பார்சலின் கேட் பாஸ். இரண்டாவது படம், திறந்த பெட்டிக்குள் பொருள் இருப்பது. அந்தப் பெட்டியின் பக்கத்தில் பார்சல் நம்பர் உள்ள லேபிள் ஏற்கெனவே ஒட்டியிருக்க வேண்டும். பலரும் மூடிய பிறகுதான் லேபிள் ஒட்டுகிறார்கள். இந்த ஒரு வரிசையை மாற்றிக்கொண்டால் பொருளும் நம்பரும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். மூன்றாவது, மூடி டேப் ஒட்டிய பெட்டி தராசின் மேல் இருப்பது. எடை எண்ணும் லேபிள் நம்பரும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். இதுதான் எடை மேடைச் சீட்டு. நான்காவது, கவுன்ட்டரில் கொடுத்ததும் ரசீதைப் பார்சலின் லேபிள் மேல் வைத்து எடுப்பது. இரண்டிலும் ஒரே நம்பர் என்று பார்த்தவுடன் தெரியும்.

இந்த நம்பரைக் கூரியர்காரர்கள் பி.ஓ.டி. நம்பர் என்பார்கள், ஆன்லைன் தளங்களில் ஏ.டபிள்யூ.பி. நம்பர் என்று இருக்கும். ஸ்பீடு போஸ்ட்டில் இரண்டு எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கம் வந்து, 'IN' என்று முடியும். பெயர் எதுவானாலும், படங்களையும் ரசீதையும் கட்டும் கயிறு அந்த நம்பர்தான்.

ரசீதை அன்றைக்கே படம் எடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கவுன்ட்டர் மிஷினிலிருந்து வரும் வழவழப்பான சீட்டில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் தாள் அது. வெயிலில் நிற்கும் வண்டியின் முன்பெட்டியில் கிடந்தால் தாள் முழுக்கக் கறுத்துப் போகும். பிளாஸ்டிக் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் எழுத்து மங்கி மறைந்துபோகும். பிரச்னை வரும் நாளில் வெற்றுத் தாள்தான் கையில் இருக்கும். படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுப் பில்லின் பின்னால் இணைத்துவிடுவது பாதுகாப்பு.

வாசலுக்கே வந்து எடுத்துப் போனால்?

அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். கூரியர் பையன் வருவார், பதினைந்து பார்சலைப் பையில் போடுவார், செல்போனில் ஏதோ அழுத்துவார், கிளம்பிவிடுவார். விற்பவர் கையில் எதுவும் இருக்காது. சாயங்காலம் டிராக்கிங் பார்த்தால் 'Manifested' என்று இருக்கும். பார்சல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். லேபிள் அச்சிட்டதற்கும் பட்டியலில் ஏறியதற்கும் மட்டுமே அடையாளம் அது. 'Picked Up' என்றோ, கூரியர் கிடங்கில் உள்ளே வந்ததாகவோ பதிவு விழுந்தால்தான், பார்சல் எங்களிடம் இருக்கிறது என்று கூரியரே ஒப்புக்கொண்டதாகும். பையில் ஏறிய நேரத்துக்கும் அந்த முதல் பதிவுக்கும் இடையில் உள்ள சில மணி நேரத்தில் தொலையும் பார்சலுக்குத்தான் சாட்சியே இருக்காது.

அந்த இடைவெளியை அடைப்பது ஒரு பட்டியல். அன்றைக்குப் போகும் பார்சல்களின் நம்பர்களை வரிசையாக அடித்து இரண்டு பிரதி எடுக்க வேண்டும். கீழே மொத்த எண்ணிக்கையை எழுத்தால், 'பதினைந்து மட்டும்' என்று எழுத வேண்டும். இலக்கத்தில் எழுதினால் யாரும் திருத்திவிடலாம். எடுக்க வந்தவர் ஒவ்வொரு நம்பரையும் சரிபார்த்து, பெயர், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் தர வேண்டும். 'இருபது பார்சல் பெற்றேன்' என்று நம்பர் இல்லாமல் எழுதிய தாளுக்கு மதிப்பு குறைவு. எந்த இருபது என்று அது சொல்லாது.

அவசரம் என்று கையெழுத்துப் போட மறுப்பவர்களும் உண்டு. அப்போது பார்சல்களை லேபிள் தெரிய அடுக்கி, அவர் ஸ்கேன் செய்யும்போது ஒரு நிமிட வீடியோ எடுக்கலாம். முகம் வேண்டியதில்லை, லேபிளும் ஸ்கேன் செய்யும் கையும் போதும். அன்றிரவே பட்டியலைக் கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட வேண்டும். மறுநாள் காலையில் ஒவ்வொரு நம்பரையும் டிராக்கிங்கில் போட்டுப் பார்த்து, முதல் பதிவு விழாத நம்பரை மட்டும் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பத்து நாள் கழித்து எழுதும் புகாரைவிட, மறுநாள் காலை எழுதிய இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம். அந்த நேரத்தில் யாருக்கும் வழக்கு பற்றிய நினைப்பே இருந்திருக்காது அல்லவா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

சிப்காட் பக்கத்துப் பட்டறை ஒன்று, ராணிப்பேட்டையில் உள்ள ஓர் ஆலைக்கு ஒரு மெக்கானிக்கல் சீல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 18,500 ரூபாய். மூடிய பெட்டியின் எடை 2.340 கிலோ. அனுப்பிய நாள் மார்ச் 3. கூரியர் கட்டணம் 180 ரூபாய். நான்காம் நாள் ஆலையிலிருந்து போன்: 'பெட்டி வந்தது, உள்ளே சீல் இல்லை, காலிப் பெட்டிதான்.'

பட்டறையில் மேலே சொன்ன நான்கு படமும் இருக்கின்றன. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வந்த பெட்டியை அப்படியே தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்வது. டேப்பையும் லேபிளையும் பல கோணத்தில் எடுக்கச் சொல்வது. பெட்டி அங்கே 410 கிராம் காட்டுகிறது. ஒரு பக்கம் வேறு நிறத்து டேப் ஒட்டியிருக்கிறது. கடலூரில் ரசீதின் ஓரத்தில் முத்திரையோடு எழுதிய எடை 2.340. இரண்டு எண்களுக்கும் நடுவில் பொருள் எங்கே போயிருக்கும் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எடை மட்டும் எழுதப்படாமல் இருந்திருந்தால், 'நீங்கள் காலிப் பெட்டி அனுப்பியிருக்கலாமே' என்ற பேச்சுக்குப் பதில் இருந்திருக்காது.

அடுத்தது தேதி. சாலை வழிச் சட்டத்தின்படி கூரியர் மீது வழக்குப் போடுவதற்கு முன்னால் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பார்சலைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். பார்சல் தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து இல்லை. மார்ச் 3 அன்று பதிவு என்றால் ஆகஸ்ட் 30 கடைசி நாள். 'தேடிக்கொண்டிருக்கிறோம் சார், அடுத்த வாரம் சொல்கிறோம்' என்ற பதிலிலேயே இந்த ஆறு மாதம் கரைந்துவிடும். பதிவு நாளைக் காட்டுவதும் அந்த ரசீதுதான். அதனால் போனில் பேசுவதோடு நிற்காமல், பார்சல் நம்பர், தேதி, எடை, பில் மதிப்பு எழுதி, படங்களின் பிரதியை இணைத்துக் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலாக ஒரு கடிதம் போக வேண்டும். 2025இல் ரெஜிஸ்டர் போஸ்ட் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இப்போது அதை ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியோடு அனுப்புகிறார்கள். அந்தக் கடிதத்தின் ரசீதையும் அதே கோப்பில் வைக்க வேண்டும்.

நிரூபித்தாலும் கிடைப்பது எவ்வளவு?

இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. கைமாறியதை ஐயமில்லாமல் நிரூபித்தாலும், முழு விலையும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, கூடுதல் பொறுப்புக்குத் தனிக் கட்டணம் கட்டாத சரக்குக்கு இழப்பீடு, சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். நம் கணக்கில் அது 1,800 ரூபாய். சீலின் விலை 18,500.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம், ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்கின் ஆவணங்களை 1990 மே மாதம் டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. சரக்கு உரிய நேரத்தில் கைக்கு வராமல் சீசன் தவறியது. வாங்கியவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 அமெரிக்க டாலராகக் குறைத்தது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காரணம், அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டிலேயே பொறுப்பு இவ்வளவுதான் என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டவரை அந்த நிபந்தனை கட்டும் என்றது நீதிமன்றம்.

ஒப்படைத்ததற்குச் சாட்சியாக இருக்கும் அதே சீட்டு, கேட்கக்கூடிய பணத்துக்கும் எல்லை போட்டுவிடுகிறது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் சீட்டின் பின்பக்கத்தைப் படிப்பதும், விலை அதிகமான பொருளுக்கு மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணமோ காப்பீடோ கட்டுவதும் தேவை. எத்தனை ரூபாய்க்கு மேல் காப்பீடு என்பதை ஒவ்வொரு விற்பவரும் முடிவு செய்துகொள்ளலாம். கட்டணத்தைப் பத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும்; அந்தத் தொகைக்கும் பொருளின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாங்க முடியாது என்றால் காப்பீடு வேண்டும். தபால் துறை அரசுத் துறை என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்குத் தனிச் சட்டமும் தனி விதிகளும் உண்டு. ஆனால் அங்கும் மதிப்பு அதிகமான பொருளுக்குக் காப்பீடு செய்து அனுப்புவதே வழி.

படத்தை எப்படி வைப்பது?

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, செல்போன் படம் போன்ற மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் இணைக்கச் சொல்கிறது. எந்தக் கருவியில் எடுத்தது, கோப்பு மாறவில்லை என்பதற்கான அடையாள எண் என்ன என்பதெல்லாம் அதில் வரும். அந்த வேலை வழக்கு வந்தால்தான். ஆனால் அன்றைக்குப் பயன்பட வேண்டும் என்றால், எடுத்த படம் எடுத்தபடியே இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும். எடுத்த நேரம், கருவி முதலிய உள்விவரங்களும் போய்விடும். பிறருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'Document' என்று இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். போனிலிருக்கும் மூலப் படத்தை வெட்டவோ, வெளிச்சம் கூட்டவோ, மேலே எழுதவோ கூடாது. வேண்டுமானால் பிரதி எடுத்து அதில் செய்துகொள்ளலாம். போன் மாற்றும்போதும் பழைய படங்கள் கணினிக்கோ பென் டிரைவுக்கோ போயிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பார்சலுக்கும் அனுப்பிய தேதியையும் பார்சல் நம்பரையும் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் போதும். அதற்குள் நான்கு படம், ரசீது, பில், கடைசியில் டெலிவரி ஆன பதிவின் படம். டிராக்கிங் விவரங்கள் சில மாதம் கழித்துத் தளத்திலிருந்து மறைந்துவிடக்கூடும் என்பதால் அதையும் படமாக எடுத்து வைப்பது நல்லது. சரக்கு தொலைந்ததற்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடப் பொதுவான காலக்கெடு மூன்று ஆண்டு. அதுவரை அந்த ஃபோல்டரை அழிக்க வேண்டாம். வாங்கியவர் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுத்தில் சொல்லிப் பணமும் வந்துவிட்ட பார்சலுக்கு மட்டும், படங்களை அழித்துவிட்டு ரசீதையும் பில்லையும் வைத்துக்கொண்டால் போனில் இடமும் மிச்சம்.